"என்னுது!": இரண்டு வயது வகுப்பிலிருந்து பெற்றோருக்கு

போன செவ்வாய்க்கிழமை காலை 11.15 இருக்கும். வகுப்பின் மூலையில் மஞ்சள் லாரி ஒன்று காலையிலிருந்து கேட்பாரற்றுக் கிடந்தது. கயல் போய் அதை எடுத்தாள். தொட்டியில் இரண்டு மரக்கட்டைகளைப் போட்டு, சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். கட்டைகள் கடகடவென்று ஆடின. அறையின் மறுகோடியில் சொப்புச் சட்டியில் எதையோ கிண்டிக்கொண்டிருந்த கவின் நிமிர்ந்து பார்த்தான். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து லாரியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.

"என்னுது!"

கயல் முன்பக்கத்தை விடவில்லை. "என்னுது! கயலுது!" என்று கத்தினாள்.

நான் எழுந்து போய்ச் சேர்வதற்குள் கவின் பிடுங்கிவிட்டான். பிடுங்கியவன் அதை ஓட்டினானா என்றால், இல்லை. மார்போடு அணைத்துக்கொண்டு கயலின் முகத்தையே பார்த்தபடி நின்றான். கயல் தரையில் உட்கார்ந்து வீறிட்டாள்.

அன்று மதியம் கவினைக் கூப்பிட வந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஒத்தப் பிள்ளை மிஸ், செல்லம் ஜாஸ்தியாயிடுச்சு போல" என்றார். மறுநாள் கயலின் அப்பா வேறு கவலையோடு வந்தார். "இப்படியே போனா எங்க பொண்ணை எல்லாரும் ஏமாத்திடுவாங்க போலிருக்கே?" இரண்டு வீட்டிலும் அன்றிரவு இதுதான் பேச்சாக இருந்திருக்கும். அதனால்தான் இந்தக் கடிதம். பதினான்கு வருடமாக இந்த இரண்டு வயது அறையில்தான் இருக்கிறேன். இந்த வருடம் 11 குழந்தைகள், நான், ஒரு ஆயாம்மா. பிள்ளைகளின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் உற்றுக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றரை வயதில் நம் குழந்தைகள் தங்களைப் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள். "கவினுக்குத் தண்ணி", "கயல் தூக்கு" என்பார்கள். நாமும் அவர்களிடம் அப்படித்தானே பேசுகிறோம்? "அம்மா இதோ வரேன்", "கவின் சாப்பிட்டானா?" என்று ஆளுக்கு ஒரு பெயர், அது மாறாது. "நான்", "நீ" என்று வரும்போதுதான் சிக்கல். "உனக்குப் பால் வேணுமா?" என்று கேட்டால் "உனக்கு வேணும்" என்று பதில் வரும். சிரித்துவிட்டுப் பாலைக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் குழந்தையின் பக்கம் நின்று பாருங்கள். பந்து என்றால் யார் வாயில் வந்தாலும் பந்துதான். "நான்" மட்டும் அம்மா வாயில் வந்தால் அம்மா, அப்பா வாயில் வந்தால் அப்பா, தன் வாயில் வந்தால் தான். இதைப் பிடிக்க வேண்டுமென்றால், மற்றவர்களிடமிருந்து தனியான ஒரு ஆள் தான் என்பது முதலில் பிடிபட வேண்டும்.

என் அறையில் நான் கவனித்த வரையில் "நான்" என்பது தனியாக முதலில் வருவதில்லை. "எனக்கு", "என்னுது" இரண்டும்தான் முந்திக்கொண்டு வருகின்றன. அதுவும் சண்டையில்தான் வருகின்றன. கயல் அன்று ஒரே மூச்சில் "என்னுது! கயலுது!" என்றாளே, அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. புதிதாகக் கற்ற சொல் வேலை செய்யுமா என்ற சந்தேகத்தில் பழைய சொல்லையும் கூடவே போட்டிருக்கிறாள்.

ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். குழந்தைக்குத் தெரியாமல் மூக்கில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கண்ணாடி முன்னால் விடுவார்கள். சின்னக் குழந்தை கண்ணாடிக்குள் இருக்கும் 'பாப்பா'வைத் தட்டும், சிரிக்கும். ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் கண்ணாடியை விட்டுவிட்டுத் தன் மூக்கைத் தொட்டுப் பார்ப்பார்கள். 1972-ல் பியூலா ஆம்ஸ்டர்டாம் எழுதிய சோதனை இது. நம் வீட்டில் செய்து பார்ப்பதென்றால் நெற்றியில் கன்னத்தில் வைக்காதீர்கள். பொட்டும் திருஷ்டிப் பொட்டும் வைத்துப் பழகிய முகங்கள், எதுவுமே புதிதாகத் தெரியாது. மூக்கு நுனிதான் சரி.

1983-ல் லாரா லெவின் என்ற உளவியலாளர் இரண்டு வயதுப் பையன்களை இருவர் இருவராக ஒரு அறையில் விளையாட விட்டுப் பார்த்தார். அதற்கு முன்பே ஒவ்வொரு பையனுக்கும் தன்னைப் பற்றிய அறிவு எவ்வளவு வந்திருக்கிறது என்பதையும் சோதித்து வைத்திருந்தார். "நான்", "நீ" புரிகிறதா, கண்ணாடியில் தன்னைத் தெரிகிறதா என்பவை அதில் சேரும். பொம்மைகளுக்கு அதிகமாக உரிமை கொண்டாடியவர்கள், அந்த அறிவு அதிகம் வந்திருந்த பையன்கள். தான் எது, மற்றவன் எது என்று எல்லை போட்டுப் பார்க்கிறார்கள், இதைச் சுயநலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது அவருடைய விளக்கம். பையன்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு அது. ஆனால் என் அறையில் பெண்பிள்ளைகளின் தொண்டையும் இதில் குறைந்தது கிடையாது.

ஆகவே கவினின் அம்மாவுக்கு: செல்லம் கொடுத்ததால் வந்தது இல்லை. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டிலிருந்து வரும் குழந்தையும் இதே வயதில் இதே சொல்லைத்தான் கத்துகிறது.

இன்னொரு விஷயம், அந்த ஒரு சொல்லுக்குள் பல சொற்கள் இருக்கின்றன. மஞ்சள் லாரி கயலுதும் இல்லை, கவினுதும் இல்லை, பள்ளிக்கூடத்துது. நமக்கு "என்னுது" என்றால் வாங்கியது, யாரோ எனக்கென்று கொடுத்தது, கையில் இல்லாவிட்டாலும் என் பெயரில் இருப்பது. இரண்டு வயதில் அதெல்லாம் அரைகுறைதான். "இப்போ என் கையில இருக்கு" என்பதும் என்னுது. "நேத்து நான் வச்சு விளையாடினேன்" என்பதும் என்னுது. "நான்தான் முதல்ல எடுத்தேன்" என்பதும், "எனக்கு வேணும்" என்பதும்கூட அதே என்னுதுதான். அன்று கயல் சொன்னது முதலாவது. கவின் சொன்னது கடைசி. இரண்டுபேரும் பொய் சொல்லவில்லை.

இதில் பெரியவர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்குவது என்பது குழந்தைக்கு இன்னும் பிடிபடாத கணக்கு. ஐஸ்கிரீமைக் கொடுத்தால் போய்விடுகிறது. பழைய சட்டையைக் கொடுத்தால் போய்விடுகிறது. லாரியைக் கொடுத்தால் மட்டும் எப்படித் திரும்பி வரும்? "அப்புறம் உனக்குத் தருவான்" என்கிறோம். அந்த 'அப்புறம்' ஒரு நிமிஷமா, நாளைக்கா? அதற்கு நீளம் என்று ஒன்று இருப்பதே அந்தத் தலைக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கொடுப்பதும் ஒரேயடியாகக் கொடுப்பதும் அந்தக் கைக்கு ஒன்றுதான்.

அது சரி, காலையிலிருந்து மூலையில் கிடந்த லாரியை, கயல் எடுத்த பிறகு கவின் ஏன் கேட்க வேண்டும்? பொறாமை என்று சொல்லத் தோன்றும். அப்படி இல்லை. சும்மா கிடக்கும் லாரி அவனுக்கு ஒரு மஞ்சள் பொருள். கட்டை ஏற்றிக் கடகடவென்று ஓடும் லாரிதான் லாரி. அதை வைத்து என்ன செய்யலாம் என்பதைக் கயல்தான் காட்டிக்கொடுத்தாள். அதனால்தான் "இதே மாதிரி இன்னொண்ணு இருக்கே, இந்தா" என்று நீட்டினால் பல சமயம் தட்டிவிடுகிறார்கள். அவனுக்கு வேண்டியது ஓடிக்கொண்டிருக்கும் அந்த லாரி. சில சமயம் லாரிகூட வேண்டாம், ஓட்டுகிற ஆள்தான் வேண்டும்.

அது எதுவென்று கண்டுபிடிக்க நான் பார்ப்பது, பிடுங்கிய பிறகு வரும் ஐந்து விநாடி. பிடுங்கியதும் குனிந்து ஓட்ட ஆரம்பித்தால் பொருள் மேல் ஆசை. அணைத்துக்கொண்டு எதிராளியின் முகத்தையே பார்த்தால், அல்லது இரண்டடி ஓடித் திரும்பிப் பார்த்தால், அவன் அவளை விளையாடக் கூப்பிடுகிறான். கூப்பிடத் தெரியாமல் பிடுங்கியிருக்கிறான். எடுத்ததை உடனே வீசிவிட்டு அடுத்த பிள்ளையிடம் பிடுங்கப் போனால் பசி, தூக்கம், காய்ச்சலுக்கு முந்திய சிணுங்கல், இதில் ஏதாவது ஒன்று. 11 மணிக்கு மேல் சாப்பாட்டுக்கு முன்னால்தான் எங்கள் அறையில் அதிகச் சண்டை.

இதெல்லாம் எனக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்ததாக நினைக்க வேண்டாம். முதல் மூன்று நான்கு வருடம் நான் செய்ததை நினைத்தால் இப்போது சங்கடமாக இருக்கிறது. "ஷேர் பண்ணணும் கண்ணா, நீ நல்ல பிள்ளைதானே" என்று சொல்லி, வைத்திருக்கும் பிள்ளையின் கையிலிருந்து எடுத்து அழுகிற பிள்ளையிடம் கொடுப்பேன். அழுகை நின்றுவிடும், அறை அமைதியாகிவிடும். ஒரு மாதத்தில் யார் என்ன கற்றார்கள் என்று பார்த்தால், அழுதால் கிடைக்கும் என்று ஒரு பாதி கற்றிருந்தது. மிஸ் பக்கத்தில் வந்தால் பொம்மையை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று மறுபாதி கற்றிருந்தது. நானும் பிடுங்கிக்கொண்டுதான் இருந்தேன், என்ன, சிரித்த முகத்தோடு பிடுங்கினேன்.

அப்புறம் சண்டைப் பொம்மையை மேல் அலமாரியில் வைத்துப் பார்த்தேன். "ரெண்டு பேருக்கும் கிடையாது." அவர்கள் அலமாரியைப் பார்த்து அழுதார்கள். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று மணல் கடிகாரம் வாங்கி வந்தேன். மணல் இறங்கும்வரை ஒருவர், அப்புறம் அடுத்தவர் என்று ஏற்பாடு. இரண்டாம் நாளே பிள்ளைகள் எல்லோரும் பொம்மையை விட்டுவிட்டு மணல் கடிகாரத்துக்குச் சண்டை போட்டார்கள்.

ஸ்டார் ஸ்டிக்கரும் கொடுத்துப் பார்த்தேன். கொடுக்கிற பிள்ளைக்குக் கையில் ஒரு ஸ்டார். ஒரு வாரம் பிரமாதமாகப் போனது. பிறகு ஒரு பையன் பக்கத்துப் பிள்ளையின் கரண்டியைப் பிடுங்கி, உடனே அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, என்னிடம் கையை நீட்டினான். அன்றோடு ஸ்டிக்கரை நிறுத்தினேன். பல வருடம் கழித்துத்தான் வார்னெக்கன், டோமசெல்லோ என்ற இருவர் 2008-ல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். இருபது மாதக் குழந்தைகள் கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுக்கிறார்களா என்று பார்த்தார்கள். உதவியதற்குப் பரிசுப்பொருள் கொடுக்கப்பட்ட குழந்தைகள், பரிசு நின்ற பிறகு, எதுவும் வாங்காத குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினார்கள். அது பகிர்வதைப் பற்றிய ஆய்வு இல்லைதான். என்றாலும் கையை நீட்டிய என் பையன் நினைவுக்கு வந்தான்.

இப்போது என்ன செய்கிறோம் என்பதைச் செவ்வாய்க்கிழமைக் கதையிலேயே சொல்கிறேன்.

முதலில் தரையில் உட்கார்ந்தேன், இரண்டு முகங்களுக்கும் சமமாக. நின்றுகொண்டு சொன்னால் எதுவும் காதில் ஏறாது. கவின் அணைத்திருந்த லாரியின் மேல் என் கையை வைத்தேன். இழுக்கவில்லை, சும்மா வைத்தேன், அவன் ஓடிவிடாமல் இருக்க. கயலின் கையையும் எடுத்து லாரியின் மேல் வைத்தேன். பிறகு நடந்ததை அப்படியே சொன்னேன். "லாரி கயல் கையில இருந்துச்சு. கட்டை ஏத்தி ஓட்டிட்டு இருந்தா. கவினுக்கும் வேணும்." 'யார் முதல்ல?', 'ஏன் பிடுங்கினே?' என்ற கேள்விகளைக் கேட்பதில்லை. இரண்டு வயதில் 'ஏன்' என்பதற்குப் பதில் கிடையாது. 'சாரி சொல்லு' என்பதும் இல்லை. அவர்களுக்கு அது இன்னும் ஒரு ஓசைதான்.

"கயல் இன்னும் ஓட்டி முடிக்கலை. திருப்பிக் கொடுப்போம்" என்று சொல்லிக் கொஞ்சம் காத்திருந்தேன். இந்தக் காத்திருப்புதான் கஷ்டம். மனதுக்குள் பத்து எண்ணுவேன். பாதிக் குழந்தைகள் அதற்குள் பிடியைத் தளர்த்திவிடும். கவின் தளர்த்தவில்லை. "நான் உதவி பண்றேன்" என்று சொல்லிவிட்டு, அவன் விரல்களை மெதுவாக விடுவித்து லாரியைக் கயலிடம் கொடுத்தேன். கவின் அழுதான். அழுவான்தான். அந்த அழுகையை நிறுத்த வேண்டும் என்ற அவசரம்தான் பழைய நாளில் என்னைத் தவறு செய்ய வைத்தது. மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். "வேணும்னு இருக்கு. காத்திருக்கிறது கஷ்டமா இருக்கு."

அழுகை தணிந்ததும் கேட்பது எப்படி என்று காட்டினேன். உள்ளங்கையை மேலே பார்க்க விரித்து, "எனக்கு?" அவ்வளவுதான். முழு வாக்கியம் எல்லாம் வேண்டாம். கவின் கையை விரித்தான், குரல் வரவில்லை. கயல் "மாட்டேன்" என்று தலையை ஆட்டினாள். அது அவள் உரிமை. அவளுக்கும் ஒரு வாசகம் கொடுத்தேன். "முடிச்சிட்டுத் தரேன்-னு சொல்லு." அவள் "முட்டுத் தரேன்" என்றாள்.

இதற்குப் பிறகுதான் அந்த 'அப்புறம்' என்பதைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆக்க வேண்டும். ஐந்து நிமிஷம் என்று சொல்லிப் பயனில்லை. "கயல் கதவு வரைக்கும் போயிட்டு வருவா, திரும்பவும் போயிட்டு வருவா, நாம எண்ணலாம்" என்று கவினிடம் சொன்னேன். அவன் மடியில் இருந்தபடியே பார்த்தான். நான்காவது சுற்றில் கயல் லாரியை வைத்துவிட்டுக் கட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு சொப்புச் சாமான் பக்கம் போய்விட்டாள். மறந்தே போனாள். நான் அவளைக் கூப்பிட்டேன். "கயல், முடிச்சிட்டியா? கவின் காத்துட்டு இருக்கான்." அவள் திரும்பி வந்து, லாரியை ஒரு காலால் அவன் பக்கம் தள்ளிவிட்டாள். கொடுத்த மாதிரியும் இல்லை, கொடுக்காத மாதிரியும் இல்லை. எனக்கு அது போதும்.

ஆரம்பம் முதல் முடிவு வரை ஆறு ஏழு நிமிடம் ஆகியிருக்கும். கையிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். வீட்டில் அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது ஒவ்வொரு தடவையும் இப்படி உட்கார முடியாது என்று எனக்குத் தெரியும். நாளைக்கு ஒன்றிரண்டு தடவை நடந்தாலே போதும், முறை பழகிவிடும்.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. கை ஓங்கினாலோ, கடிக்க வாய் போனாலோ இந்தப் பேச்செல்லாம் பிறகுதான். முதலில் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும், "அடிக்க விட மாட்டேன்" என்று ஒரே வரி. பிறகு அடிபட்ட பிள்ளையைத்தான் முதலில் கவனிப்பேன். ஒன்றே முக்கால் வயதுக்குக் கீழே இருந்தால் சொற்களைக் குறைத்து, கவனத்தை வேறு பக்கம் திருப்புவதுதான் நடக்கும். அதில் தவறும் இல்லை.

அறையையும் கொஞ்சம் மாற்றினோம். முன்பு இருபது வகைப் பொம்மைகள், ஒவ்வொன்றிலும் ஒன்று இருந்தது. இப்போது ஏழெட்டு வகைதான், ஆனால் வாளி நான்கு, கரண்டி ஐந்து, பந்து ஆறு என்று இருக்கின்றன. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மாதிரி கிண்டுவதுதான் இந்த வயதின் கூட்டு விளையாட்டு. சேர்ந்து சமைப்பதெல்லாம் மூன்று வயதுக்கு மேல். லாரி மட்டும் ஒன்றே ஒன்று. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறேன், காத்திருந்து பழக ஏதாவது ஒன்று வேண்டாமா?

இனி வீட்டு விஷயம். இதில் சிலது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் குழந்தையைச் சீண்டிப் பார்க்கும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. சித்தப்பா வருவார், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "இது என் அண்ணி, உனக்குக் கிடையாது" என்பார். குழந்தை ஓடி வந்து "என் அம்மா!" என்று கத்தும். எல்லோரும் சிரிப்பார்கள். திரும்பச் செய்வார்கள். குழந்தையின் கையில் இருக்கும் முறுக்கைப் பாட்டி கேட்பார். "பாட்டிக்குத் தா." குழந்தை நம்பி நீட்டும். பாட்டி வாங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு!" என்பார். குழந்தையின் உதடு பிதுங்கும்வரை வேடிக்கை. அன்பில் செய்வதுதான், எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். ஆனால் அந்தப் பிள்ளை மறுநாள் என் அறைக்கு வரும்போது, கொடுத்தால் காணாமல் போகும் என்ற பாடத்தோடு வருகிறது. அதே விளையாட்டின் நல்ல வடிவமும் நம்மிடமே இருக்கிறது. பத்து மாதக் குழந்தையோடு "இந்தா", "தா" என்று மாற்றி மாற்றிக் கொடுத்து வாங்குவோமே, அதுதான். வாங்கிய உடனே திருப்பித் தருவதுதான் அதன் உயிர். அதை இரண்டு வயதிலும் விடாதீர்கள். பாட்டி முறுக்கை வாங்கட்டும், ஒரு நொடி வைத்திருக்கட்டும், "இந்தா" என்று திருப்பித் தரட்டும்.

அடுத்தது, நாம் எத்தனை தடவை பிடுங்குகிறோம் என்பது. போன், ரிமோட், கத்திரிக்கோல், மூக்குக்கண்ணாடி. ஒரு நாளில் எண்ணிப் பாருங்கள். கத்திரிக்கோல் என்றால் பிடுங்கத்தான் வேண்டும், யோசிக்க நேரமில்லை. போனுக்கு அப்படி ஒரு அவசரம் இல்லை. உள்ளங்கையை விரித்து "அம்மாவுக்கு?" என்று கேட்டுப் பத்து எண்ணுங்கள். தராவிட்டால், "நான் எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எடுங்கள். சொல்லாமல் பின்னாலிருந்து இழுப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், அவர்கள் மற்ற பிள்ளைகளிடம் நடந்துகொள்வதில் சில வாரங்களில் தெரியும்.

விருந்தாளி வீட்டுக்கு வரும் நாள்தான் பெரிய சோதனை. மாமா பையன் வருகிறான், உங்கள் பிள்ளையின் பொம்மைக் கூடை திறந்து கிடக்கிறது, "கொடுறா, அவன் நம்ம வீட்டுக்கு வந்திருக்கான்ல" என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறோம். அது விருந்தோம்பல், நம் மானப் பிரச்சினை. பிள்ளைக்கு அது பறிமுதல். அவர்கள் வருவதற்கு அரைமணி நேரம் முன்பே பிள்ளையோடு உட்கார்ந்து, "அண்ணா வரப் போறான். எது எது எடுத்து உள்ளே வைக்கலாம்?" என்று கேளுங்கள். தூங்கும்போது கட்டிக்கொள்ளும் கரடி, நேற்று வாங்கிய கார் என்று இரண்டு மூன்று பீரோவுக்குள் போகட்டும். உள்ளே வைத்தது அவனுது, கேட்க மாட்டோம். வெளியே இருப்பது இரண்டு பேரும் விளையாட. எல்லாவற்றையும் உள்ளே வைக்கச் சொன்னால் என்ன செய்வது என்று ஒரு அம்மா கேட்டார். அன்றைக்குப் பொம்மையே வேண்டாம். ஒரு அகன்ற பாத்திரத்தில் தண்ணீரும் நான்கு டம்ளரும் வைத்து, பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். தண்ணீரை யாரும் என்னுது என்று சொல்லி நான் பார்த்ததில்லை. டம்ளரைச் சொல்வார்கள், அதனால்தான் நான்கு.

பிரௌனல் என்ற அமெரிக்க ஆய்வாளரும் குழுவினரும் 2013-ல் வெளியிட்ட ஒன்றை இங்கே சொல்லத் தோன்றுகிறது. ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைகளோடு பெற்றோர் படப்புத்தகம் பார்ப்பதைக் கவனித்தார்கள். படத்தில் இருக்கும் முகத்தைக் காட்டி, இந்தப் பாப்பாவுக்கு என்ன ஆச்சு, ஏன் அழுகிறது என்று குழந்தையையே சொல்ல வைத்த பெற்றோரின் பிள்ளைகள் அதிகமாகவும் சீக்கிரமாகவும் பகிர்ந்துகொண்டார்கள். பெற்றோரே எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னதற்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று இதிலிருந்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நான் சண்டை நேரத்தில் உபதேசம் செய்வதை விட்டுவிட்டு, மதியம் தூங்கப் போகும் முன் படம் காட்டும்போது கேட்க ஆரம்பித்திருக்கிறேன். புதன்கிழமை, பந்து போய் அழுகிற குரங்கின் படத்தைக் காட்டி "குரங்குக்கு என்ன?" என்று கேட்டேன். கவின் "லாரி" என்றான்.

கயலின் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. கயல் தன் கையில் இருப்பதை விடாமல் பிடித்தாள், சொல்லால் தடுத்தாள், போனதும் உரக்க அழுதாள். ஏமாறுகிற பிள்ளை இதைச் செய்யாது. யார் வந்து எடுத்தாலும் சத்தமில்லாமல் விட்டுவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளையைத்தான் நான் கூடுதலாகக் கவனிப்பேன். வாரக்கணக்கில் அப்படியே இருந்தாலோ, இரண்டு வயது தாண்டியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டாலோ, வேண்டியதைச் சுட்டிக் காட்டாவிட்டாலோ, கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, அதைப் பொம்மைச் சண்டையோடு சேர்த்துப் பார்க்காமல் குழந்தை மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். மூன்றரை வயதுக்குப் பிறகும் தினமும் அடித்துத்தான் வாங்குகிறது என்றாலும் என்னிடம் வந்து பேசுங்கள். மற்றபடி இந்தக் கத்தல், வாக்கியம் நீளும்போது தானாக இளகிவிடுகிறது. "என்னுது" என்பதற்கு அடுத்து "உன்னுது" வருகிறது. அது வந்த பிறகு என் வேலை பாதி குறைந்துவிடும்.

கடைசியாக, வீட்டுப் பொம்மை. கொண்டுவர வேண்டாம் என்று போன வருடம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வருடம் மாற்றியிருக்கிறோம். ஒன்றே ஒன்று கொண்டுவரலாம், ஆனால் அது பையிலேயே இருக்கும். பை அவரவர் ஆணியில் தொங்கும், பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில். யார் பையையும் அடுத்தவர் தொடக் கூடாது, நான் உட்பட. கயல் ஒரு துணி யானை கொண்டுவருகிறாள். காலையில் இரண்டு மூன்று தடவை போய்ப் பையைத் திறந்து, யானை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, மூடிவிட்டு வந்து விளையாடுகிறாள். நேற்று கவினையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பையைத் திறந்து காட்டினாள். அவன் கையை உள்ளே விடப் போனான். "பாரு மட்டும்" என்றாள்.